கட்டிலைத்தான் மாற்றுகிறோம், ஞானத்தந்தையே!

தெவாக்கான்,
நவம்பர் 19, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஞானத்தந்தை தோன் கிறிசாந்தோ அவர்களுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து இதை வாசிக்கக் கேட்கப்போகும் ஞானத்தாய் தோன்யா எவுலாலியா அவர்களுக்கும், பத்து ஆண்டுகளுக்கு முன் தங்களைச் சாட்சியாக வைத்துத் திருமணம் செய்துகொண்ட எர்மிலோ மிகுந்த பணிவோடு எழுதுவது.

இங்கே நானும் நெரேய்தாவும் மகள் ஹிமெனாவும் சுகமாக இருக்கிறோம். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் சுகமாக இருக்கிறோம் என்பதைத் தாங்கள் தயவுசெய்து இரண்டு முறை வாசிக்க வேண்டும். அங்கே தங்கள் முழங்காலும், ஞானத்தாயின் இரத்த அழுத்தமும், இந்த வருடத்துக் காப்பிச் செடிகளும் நல்லபடியாக இருக்க குவாதலூப்பே மாதா அருள வேண்டும்.

வேன் ஓட்டுநர் மூலம் தாங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் திங்கட்கிழமையே கிடைத்தது. “எர்மிலோ, நீ ஆணாக இருந்தால் இதற்குப் பதில் சொல்” என்று தொடங்கியிருந்ததால் நான் அதை நின்றுகொண்டே படித்தேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட விளக்கம் வெள்ளிக்கிழமை வேனில் வந்து சேராவிட்டால், சனிக்கிழமை காலை தாங்களும் ஞானத்தாயும் பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது தங்கள் உரிமை. நம் ஊர்க் கல்யாணத்தில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு ஞானத்தந்தை. கேக் வாங்கிக் கொடுத்த ஞானத்தந்தைக்கு கேக்கோடு வேலை முடிந்தது. பலூன் கட்டிய ஞானத்தந்தைக்கு பலூன் வெடித்ததும் வேலை முடிந்தது. மணவாழ்க்கைக்கே பொறுப்பேற்ற ஞானத்தந்தை தாங்கள் ஒருவர்தான். விரிசல் விழுந்தால் வந்து பூச வேண்டியவர். ஆனால் விரிசல் இல்லை, ஞானத்தந்தையே. விரிசல் கட்டிலில்தான். அந்தக் கட்டில் தாங்கள் அன்போடு எங்களுக்குக் கொடுத்தது என்பதால் அந்த விஷயத்தைச் சற்றுப் பின்னால், தக்க மரியாதையோடு சொல்கிறேன்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் திருமணமாகிப் பத்து ஆண்டு நிறைந்தது. அலுமினிய ஆண்டு என்கிறார்கள். வெள்ளியும் தங்கமும் தூரத்தில் இருப்பதால் முதலில் பாத்திரக் கடை உலோகத்தைக் கொடுத்து ஆளைத் தேற்றி வைக்கிறார்கள் போலிருக்கிறது. இப்போதெல்லாம் பத்து ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால் மட்டும் போதாது, அதை முகநூலில் எழுதவும் வேண்டும். எழுதாவிட்டால், “என்ன, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?” என்று கேட்பார்கள். எழுதினால் என்ன கேட்பார்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தின் மற்ற பக்கங்கள்.

எழுதுவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது தங்களுக்கே தெரியும், தாங்களும் அன்று பக்கத்து மேசையில்தான் இருந்தீர்கள். கல்யாண விருந்தில் என் கையில் மைக்கைக் கொடுத்து நன்றி சொல்லச் சொன்னார்கள். நான் மோதிரம் வாங்கியவருக்கு, கேக் வாங்கியவருக்கு, முழங்காலிடும் மெத்தை தைத்தவருக்கு, கோப்பை கொடுத்தவருக்கு, பாட்டுக்கு ஏற்பாடு செய்தவருக்கு, பலூன் கட்டியவருக்கு என்று ஒருவர் விடாமல் நன்றி சொன்னேன். என் மாமனார் தோன் மக்காரியோ முன்வரிசையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தது தன் பெயர்தான் என்று நின்றுகொண்டிருந்தார். அத்தனை தட்டிலும் இருந்த வான்கோழி அவர் ஒரு வருடம் தன் கையால் தீனி போட்டு வளர்த்தது. நான் “எல்லாரும் ஆடுங்க!” என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து பத்து ஆண்டு அவர் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை, என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மாமியார் தோன்யா செலாவைத் தன் சரக்கு வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். பிறகு மூன்று மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். வெயிலானாலும் மழையானாலும் அங்கேதான். ஹிமெனா தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனால் சன்னல் வழியாக வாங்கிக்கொள்வார். நான் எடுத்துக்கொண்டு போனால் சன்னல் கண்ணாடி மேலே ஏறும். நேரில் போய் மன்னிப்புக் கேட்க நான் ஏழு தடவை முயன்றிருக்கிறேன். ஏழு தடவையும் வண்டி கிளம்பிவிட்டது. அதனால் இந்தப் பத்தாம் ஆண்டில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், விட்டுப்போன நன்றியைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம், முகநூலை எடுத்துக்கொண்டு எங்கே போவார்?

சனிக்கிழமை சாயங்காலம் நானும் நெரேய்தாவும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துப் படம் பொறுக்கினோம். மூன்றாம் ஆண்டுப் படத்தில் நான் வைத்திருந்த மீசையைப் பற்றி இருபது நிமிடம் விவாதம் நடந்தது, அதை விட்டுவிடுகிறேன். பிறகு நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினேன். முதல் வரியே மாமனாருக்கு நன்றி. அடுத்து தங்களுக்கு, அடுத்து மற்ற ஞானப்பெற்றோர்களுக்கு.

நெரேய்தா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, “இது கல்யாண நாள் பதிவா, பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கிறியா?” என்றாள்.

“நன்றின்னா பேர் சொல்லித்தானே ஆகணும்?”

“சொல்லு, வேணாங்கல. ஆனா முதல்ல சிரிக்க வை. சிரிச்சவன்தான் கடைசி வரைக்கும் படிப்பான். நன்றிய பின்னால போடு.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தாங்கள் கொடுத்த அந்தக் கட்டில், மிக நல்ல கட்டில், ஞானத்தந்தையே, ஆனால் மூன்றாம் ஆண்டிலிருந்து ஒரு கால் இல்லாமல் செங்கல்லின் மேல் நிற்கிறது. புரண்டு படுத்தால் தெருநாய் குரைக்கும் அளவுக்குச் சத்தம். அதை வைத்து நான் ஒரு வேடிக்கை செய்தேன். ஏதோ பெரிய அறிவிப்பு போல ஆரம்பித்து, கடைசியில் கட்டிலில் கொண்டுபோய் முடிப்பது. எழுதி முடித்ததும் நெரேய்தா கைபேசியை வாங்கிக்கொண்டாள். “கமா, புள்ளி எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கிறேன்” என்றாள். அரை மணி நேரம் பார்த்தாள். அவ்வளவு பொறுப்பான பெண் அவள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, எல்லோரும் பார்க்கும்படி வைத்து, ஞானப்பெற்றோர் அனைவரையும் பெயர் பெயராக இணைத்து, மாமனாரையும் இணைத்துப் பதிவிட்டேன். மாமனார் முகநூலில் “மக்காரியோ நல்ல வான்கோழி” என்ற பெயரில் இருக்கிறார். முகப்புப் படமும் வான்கோழிதான். கோழி, ஆடு, பன்றி விற்கிற குழுவுக்காக மட்டும் அவர் அதை வைத்திருக்கிறார். கைபேசியை மேசையில் சார்ஜில் போட்டுவிட்டு தோர்த்தியா ரொட்டி வாங்கக் கடைக்குப் போய் வரிசையில் நின்றேன்.

இப்போது ஒரு தொழில்நுட்ப விஷயத்தைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். முகநூலில் கொஞ்சம் நீளமாக எழுதினால் முழுவதையும் காட்டமாட்டான். மேலே நாலைந்து வரியை மட்டும் காட்டி, அதன் முடிவில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் “மேலும் பார்க்க” என்று போட்டிருப்பான். அதை விரலால் தொட்டால்தான் மிச்சம் விரியும். தொடாதவர்களுக்கு நாலு வரியோடு கதை முடிந்தது. என் பதிவில் ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

“உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஓர் அறிவிப்பு. பத்து ஆண்டு ஆகிவிட்டது. இதற்கு மேல் தாங்காது என்று நானும் நெரேய்தாவும் உட்கார்ந்து பேசி, சண்டையில்லாமல் முடிவெடுத்துவிட்டோம். மகளிடமும் சொல்லிவிட்டோம், அவள் பக்குவமாக எடுத்துக்கொண்டாள். மேலும் பார்க்க.”

கட்டில், செங்கல், வேடிக்கை, நன்றி, மாமனார் எல்லாம் அந்தப் பொடி எழுத்துக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

தோர்த்தியா வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மருந்துக்கடை அம்மாள் தன் கைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையைப் பிடித்து அழுத்தினார். “தைரியமா இருங்க தம்பி. என் வீட்டுக்காரர் போனப்ப நானும் இப்படித்தான் தோர்த்தியா வாங்க வந்தேன்” என்றார். நான் அவருடைய வீட்டுக்காரருக்காக வருத்தம் தெரிவித்துவிட்டு, என் முறை வந்ததும் ஒரு கிலோ வாங்கினேன். “ஒரு கிலோவா? இனிமே அரை கிலோ போதாதா?” என்று கடைக்காரி மெல்லிய குரலில் கேட்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கைபேசியை எடுத்தால் அறுபத்து மூன்று பேர் கருத்து எழுதியிருந்தார்கள். அழுகிற முகம், உடைந்த இதயம், கூப்பிய கை. புவெப்லாவில் இருக்கும் நெரேய்தாவின் அத்தை, “நான் அன்னைக்கே சொன்னேன், யாரும் கேக்கல” என்று எழுதியிருந்தார். அவளோடு படித்த ஒருத்தி, “என் வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கு தோழி” என்று எழுதியிருந்தாள். கேக் வாங்கிய ஞானத்தந்தை, “நாலு அடுக்குக் கேக்கு அது” என்று மட்டும் எழுதியிருந்தார். யாரோ ஒரு வக்கீல் எதுவும் எழுதாமல் தன் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தார். நெரேய்தாவைக் கல்யாணத்துக்கு முன்பு பெண் கேட்ட வில்ஃப்ரிதோ இதயச் சின்னம் போட்டிருந்தான், உடையாத இதயம், அவனைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன். முழுவதையும் விரித்துப் படித்தவர் பலூன் ஞானத்தந்தை ஒருவர்தான். அவர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார். அவருக்குக் கீழே எங்கள் உறவினர்கள் பதினோரு பேர், “சிரிப்பா வருது உனக்கு? ஒரு குடும்பம் அழியுது!” என்று அவரைக் கிழித்துத் தொங்கப் போட்டிருந்தார்கள். பாவம், அவர் சின்னத்தை எடுத்துவிட்டு அழுகிற முகத்தைப் போட்டுவிட்டார்.

நான் ஒவ்வொருவருக்கும், “இல்லை அத்தை, கட்டில்”, “இல்லை தோழி, கட்டில்” என்று பதில் எழுதினேன். அதுவும் தப்பாகப் போயிற்று. பதில் எழுத எழுத அந்தப் பதிவு மேலே மேலே வந்து, இதுவரை பார்க்காதவர்கள் கண்ணிலும் பட்டது. அவர்கள் முதலில் படித்ததே “கட்டில்” என்ற என் பதிலைத்தான் என்பதால் விஷயம் இன்னும் மோசமான திசையில் போனது. உடனே பதிவையே திருத்தினேன். நன்றியை மேலே தூக்கி, அறிவிப்பைக் கீழே இறக்கினேன். திருத்தினால் “திருத்தப்பட்டது” என்று ஒரு குறிப்பு வரும், அதைத் தொட்டால் பழையது எப்படி இருந்தது என்பதும் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நெரேய்தாவின் தங்கை லெத்தி அதைத் தொட்டிருக்கிறாள். பழையதையும் புதியதையும் படம்பிடித்துக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டு, “இப்ப பயந்து மாத்திட்டான் பாருங்க” என்று எழுதினாள். பழையதன் படமும் “மேலும் பார்க்க” என்ற இடத்தோடு நின்றது. படத்தில் எத்தனை தடவை விரல் வைத்தாலும் அது விரியாது. அந்தப் படத்தைத்தான் வேன் ஓட்டுநர் பார்த்திருக்கிறார், அவர்தான் தங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார்.

மற்றவர்கள் நினைப்பதைப் பற்றிக்கூட எனக்குக் கவலை இல்லை, ஞானத்தந்தையே. ஒரே ஒரு மனிதர் படிக்கட்டும் என்று எழுதியது, அவரும் நாலு வரியோடு நின்றிருப்பாரே, பத்து வருடக் கோபத்துக்குமேல் இதுவும் சேர்ந்தால் இனி ஆயுளுக்கும் இந்த வாசலுக்கு வரமாட்டாரே, மாமியாரையும் அனுப்பமாட்டாரே என்றுதான் பயம். “நெரேய்தா, சீக்கிரம் வா, ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு ஒரு வீடியோ போட்டுருவோம்!” என்று கத்தினேன்.

“மோலே கொதிக்குது. இப்ப நகர்ந்தா அடிப்பிடிச்சுரும்” என்றாள் அடுப்படியிலிருந்து.

விடியற்காலையிலிருந்து பெரிய பானையில் மோலே குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். வண்டிக்குப் போகும் தட்டையும் சேர்த்து ஐந்து பேருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, “கல்யாண நாள்னா நாலு பேர் வரமாட்டாங்களா?” என்றாள். உலகம் இடிந்து விழும்போதும் கரண்டியை விடாத அந்த நிதானத்தைப் பார்த்து, இவளுக்கு நான் தகுதியானவன்தானா என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வாசலில் சரக்கு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தட்டாமல் திறந்தது. மாமனார் தோளில் ஒரு சுருள் கயிறோடும், கையில் இரண்டு காலிக் கோழிக் கூடைகளோடும் நடு ஹாலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மாமியார் ஒரு காலிப் பெட்டியோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

“நெரேய்தா! துணிமணிய எடுத்து வை. பாப்பாவோடதயும் எடு. வண்டி நிக்குது.”

“அப்பா, முதல்ல உள்ள வாங்க.”

“உள்ளதான்டி நிக்கிறேன்!” என்று சொல்லிவிட்டு அவர் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. ஆனால் கோபத்தோடு வந்தவர் திரும்பி வாசலுக்குப் போய் நின்று கோபப்பட முடியாதல்லவா, அங்கேயே நின்றார்.

“மாமா...” என்றேன்.

“நீ பேசாதே.”

பத்து ஆண்டில் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. அந்த நிலையிலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்றால் தாங்கள் நம்பவேண்டும்.

“மாமா, நீங்க அத முழுசாப் படிச்சீங்களா?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்கிறியா?”

“ஐயோ இல்ல மாமா. கீழ இன்னும் இருக்கு.”

“கீழ என்ன இருக்கு? கீழ உன் மீசை இருக்கு.”

“நடுவுல சின்ன எழுத்துல, ‘மேலும் பார்க்க’ன்னு...”

“அது விளம்பரம். நான் விளம்பரத்தத் தொடமாட்டேன். ஒரு தரம் எதையோ தொட்டுட்டு முடி வளர்ற எண்ணெய்க்காரன் ஆறு மாசம் என்னைய விடல.”

அவர் மேல் குற்றமில்லை. அவர் படிக்கிற பதிவுகள் எல்லாம், “வான்கோழி, ஐந்து மாதம், நல்ல கொழுப்பு, வீட்டுக்கு வந்து பார்க்கவும்” என்பதோடு முடிகிறவை. விரிப்பதற்கு அவற்றில் எதுவும் கிடையாது. நான் லெத்தி போட்ட பழைய படத்தைக் காட்டி, இது வெறும் படம், விரியாது, உங்கள் கைபேசியில் இருக்கிற பதிவு விரியும் என்று விளக்கினேன். அவருடைய கைபேசியில் என் திருத்தம் ஏறவில்லை, பதிவு காலையில் வந்தது வந்தபடியே நின்றது. அவர் கட்டைவிரலால் அந்தப் பொடி எழுத்தை அழுத்தினார். காய்த்துப்போன விரல், பெரிய விரல், முதலில் படம் திறந்தது. இரண்டாவது அழுத்தலில் விருப்பக்குறி விழுந்தது. “எடு அத! எனக்கு ஒண்ணும் விருப்பமில்ல!” என்று கத்தினார். கடைசியில் மாமியார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் சுண்டுவிரலால் லேசாகத் தொட்டார். விரிந்தது.

மாமனார் உரக்கத்தான் படிப்பார், சந்தையில் விலை கூவுகிற குரலில். “ஆகவே அந்தக் கட்டிலை மாற்றுகிறோம். ஆளை மாற்றவில்லை. ஆள் இன்னும் பத்து வருடம் தாங்கும் என்று நெரேய்தா சொல்கிறாள்” என்று படித்துவிட்டு நிறுத்தினார். “கட்டிலா?” என்றார். நேராகப் படுக்கை அறைக்குள் போனார். கட்டிலைக் கையால் அழுத்தினார். அது வழக்கம்போல் அலறியது. குனிந்து செங்கல்லைப் பார்த்தார்.

“இதுலயா என் பொண்ணு பத்து வருஷம் படுத்திருக்கா?”

“நானும்தான் மாமா” என்றேன். அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுபடி ஹாலுக்கு வந்து மேலே படித்தார். தங்களுக்கும் ஞானத்தாய்க்கும் நான் எழுதியிருந்த நன்றியை, முதல் வருடம் நாங்கள் சண்டை போட்டபோது தாங்கள் எட்டு மணி நேரம் பயணம் செய்து வந்து, ஒரு வார்த்தை புத்தி சொல்லாமல் இரண்டு நாள் எங்களோடு சீட்டு விளையாடிவிட்டுப் போனதைப் படித்தார். பிறகு கடைசிப் பத்திக்கு வந்தார். அதை அப்படியே தங்களுக்கும் எழுதுகிறேன்:

“கடைசியாக, பத்து வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது. அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு பலூனுக்குக்கூட நன்றி சொன்னேன். எல்லோர் தட்டிலும் சோறு வைத்தவர் முன்வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை விட்டுவிட்டேன். வேறு எந்தக் காரணமும் இல்லை, பயத்தில் மறந்தேன், மாமா. பன்னிரண்டு வான்கோழிகளைக் கொடுத்தீர்கள், ஒரே மகளைப் போல வளர்த்த மூத்த மகளைக் கொடுத்தீர்கள். இரண்டுக்கும் எல்லோர் முன்னாலும் இன்று நன்றி சொல்கிறேன். மன்னியுங்கள்.”

பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. முடிக்கும்போது தனக்குள் படிப்பது போல உதடு மட்டும் அசைந்தது. படித்து முடித்தும் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பதிமூணு” என்றார் மாமனார்.

“என்ன மாமா?”

“பன்னெண்டு இல்ல, பதிமூணு. பத்தாதுன்னு கடைசியில ஒண்ணு அடிச்சேன். இனத்துக்கு வச்சிருந்த சேவல் அது. அது மாதிரி இன்னொண்ணு எனக்கு அமையவே இல்ல.”

“மாத்திடுறேன் மாமா, இப்பவே மாத்திடுறேன்.”

“மாத்தாத. மாத்தினா அதையும் எவளாவது படம் புடிச்சுப் போடுவா” என்றார். பிறகு தோளிலிருந்த கயிற்றைக் கழற்றி நாற்காலியில் போட்டார், இன்னொரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “இந்த வீட்டுல சாப்பிட ஏதாச்சும் இருக்கா? காலையிலேருந்து வயித்துல ஒண்ணுமில்ல.”

ஞானத்தந்தையே, நான் அழுதேன். கண்ணாடிக் கடைக்காரன், ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவன், என் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் துணி கிடைக்காமல் தோர்த்தியா சுற்றி வந்த துணியால் துடைத்தேன். மாமனார் மூன்று தட்டு மோலே சாப்பிட்டார். “வான்கோழி யாருது? எங்கிட்ட வாங்கல, அதான் சக்கையா இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து இந்த வீட்டு மேசையில் ஒரு குறை கேட்கப் பத்து வருடம் காத்திருந்திருக்கிறோம். சாயங்காலம் வரை இருந்தார். போவதற்கு முன் எங்கள் பதிவுக்கு அவரே ஒரு கருத்து எழுதினார். அவருடைய வாழ்க்கையில் விற்பனை இல்லாத முதல் கருத்து. “13” என்று எழுதினார், வேறொன்றும் இல்லை. அதிலிருந்து குடும்பத்தில் பாதிப் பேர் பதிமூன்று என்றால் என்ன என்று கேட்டுத் தொலைபேசுகிறார்கள். கல்யாணம் பத்தா பதிமூன்றா என்று புவெப்லா அத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாராம்.

இனி கட்டில் விஷயம். மாமனார் வண்டியோடு வந்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பமாட்டேன் என்றார். தான் கொண்டுவந்த கயிற்றாலேயே கட்டிலைக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார். நல்ல மரம், வீணாக்கக் கூடாது என்று அதைப் பிரித்து வான்கோழிக் கூண்டு செய்துவிட்டார். நேற்று படம் அனுப்பினார். பறவைகள் மிகவும் வசதியாக இருக்கின்றன. சத்தம்கூட அவைகளுக்குத் தொந்தரவாக இல்லையாம். தங்கள் அன்பளிப்பை நாங்கள் அவமதித்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது இப்போது குடும்பத்தின் இரண்டு பக்கங்களுக்கும் பொதுவான சொத்து. புதுக் கட்டில் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் பாயில் படுக்கிறோம், ஒருவர் கால் ஒருவர் மேல் கிடக்கிறது, பிரிந்துபோக நினைத்தாலும் வழியில்லை.

ஆகவே தாங்கள் சனிக்கிழமை பாதிரியாரை அழைத்துக்கொண்டு வர வேண்டிய அவசியமில்லை. ஞானத்தாயோடு மட்டும், சீட்டுக்கட்டோடு வாருங்கள். மாமனாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நடந்த குழப்பம் முழுவதும் என் ஒருவனுடைய முட்டாள்தனம். வேடிக்கையை மேலே போட்டு நன்றியைக் கீழே புதைத்தவன் நான். நெரேய்தாவுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அன்று முழுக்க ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிராயச்சித்தமாக ஒரு மாதம் பாத்திரம் கழுவுவதாக நானே ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

தாங்கள் கேட்டபடி இரண்டு கையெழுத்தும் கீழே இருக்கும். எனது முதலில். அவளுடையதைப் போட்டு உறையை ஒட்டி வேனில் கொடுக்கச் சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டு, நான் கடை திறக்கப் போகிறேன். தங்கள் இருவர் கையையும் முத்தமிட்டு, தங்கள் ஆசி என் தலைமேலும் அந்தப் பாயின் மேலும் இருக்க வேண்டி,

தங்கள் ஞானமகன்,
எர்மிலோ

நெரேய்தா

பி.கு. ஞானத்தந்தையே, இது நெரேய்தா. அவர் கடைக்குப் போய்விட்டார். உறையை ஒட்டும் முன் நான்கு வரி எழுதுகிறேன், ஞானத்தாய்க்கும் உங்களுக்கும் மட்டும்.

அன்று அரை மணி நேரம் நான் கமா பார்க்கவில்லை. அறிவிப்பு எந்த வரியில் வெட்டுப்படும் என்று பார்த்தேன். என் கணக்கில், எனக்கு மட்டும் தெரியும்படி வைத்து நாலு தடவை போட்டுப் பார்த்து, நடுவே ஒரு வரி சேர்த்து, ஒரு வரி எடுத்து, “மேலும் பார்க்க” சரியாக மகள் பக்குவமாக எடுத்துக்கொண்ட இடத்தில் வந்து விழும்வரை விடவில்லை. படம் பிடித்துப் போடச் சொல்லி லெத்தியிடமும் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். அப்பாவை எனக்குத் தெரியும். நன்றி சொல்லிக் கூப்பிட்டால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார். மகளைக் கூட்டிக்கொண்டு போக என்றால் கதவைத் தட்டக்கூட மாட்டார். உள்ளே வந்து நின்றுவிட்டால் மீதியை எர்மிலோ எழுதியதே பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். அவர் மாதிரி மனதிலிருந்து எழுத எனக்கு வராது. எங்கே வெட்டுவது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொல்லாதீர்கள். எர்மிலோவிடம் நானே சொல்லிவிடுவேன், பாத்திரம் கழுவுகிற மாதம் முடியட்டும். மற்றபடி மேலே அவர் எழுதியிருப்பதெல்லாம் உண்மை, அவருக்குத் தெரிந்த வரையில்.